லாபம் குறைந்தும் ஆர்ஓஇ உயர்ந்தது எப்படி? என் பெருக்கலும் அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை

வளர்பிறை:
ஒரு நிறுவனத்தின் இரண்டு ஆண்டுக் கணக்குகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தொகைகள் எல்லாம் கோடியில். விற்பனை 1000-லிருந்து 1050 ஆகியிருக்கிறது. நிகர லாபமோ 80-லிருந்து 73.5 ஆகக் குறைந்திருக்கிறது. அப்படியிருந்தும் ஆர்ஓஇ, அதாவது பங்குதாரர் நிதியில் நிகர லாபம் எத்தனை சதவீதம் என்பது, 16.7 சதவீதத்திலிருந்து 17.3 ஆக உயர்ந்ததாக ஆண்டறிக்கை சொல்கிறது. காரணம் அறிய அதை விற்பனையில் லாப விகிதம், சொத்தைப் போல் எத்தனை மடங்கு விற்பனை என்ற சுழற்சி, பங்குதாரர் நிதியைப் போல் எத்தனை மடங்கு சொத்து என்ற லீவரேஜ் என மூன்றாகப் பிரித்தேன். இரண்டாம் ஆண்டின் முடிவில் மொத்தச் சொத்து 840, பங்குதாரர் நிதி 350.

```
73.5/1050 × 1050/840 × 840/350
= 7% × 1.25 × 2.4 = 21%
```

எனக்கு 21 வருகிறது, அறிக்கையில் 17.3 இருக்கிறது. எங்கே தவறினேன்?

கடைசிவரி:
லீவரேஜ் 2.4 என்றால் சொத்தில் பாதிக்கு மேல் கடன் என்று பொருள். கடனால் ஊதிப்போன ஆர்ஓஇ இது. இதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தணிக்கைமேசை:
திசை சரிதான், ஆனால் சொத்துக்கும் பங்குதாரர் நிதிக்கும் உள்ள இடைவெளி முழுவதும் வட்டிக் கடன் அல்ல. சரக்கு தந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் அதில்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

வளர்பிறை, உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. நீங்கள் ஆண்டு முடிவின் தொகையை எடுத்தீர்கள். அறிக்கை தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சராசரி எடுத்திருக்கிறது என்று தோன்றுகிறது. முதலாண்டு முடிவில் இருந்த சொத்து, பங்குதாரர் நிதி, இரண்டு ஆண்டுகளின் கடன், வட்டி ஆகியவற்றைத் தர முடியுமா?

வளர்பிறை:
முதலாண்டு முடிவில் சொத்து 800, பங்குதாரர் நிதி 500. கடன் 120-லிருந்து 290 ஆகியிருக்கிறது. வட்டி 12-லிருந்து 20.5. வரி 25 சதவீதம். இரண்டாம் ஆண்டின் நடுவில் 223.5 கோடிக்குப் பைபேக் செய்து, தங்கள் பங்குகளையே திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

தணிக்கைமேசை:
அப்படியானால் சராசரிச் சொத்து 820, சராசரிப் பங்குதாரர் நிதி 425.

```
7% × 1050/820 × 820/425
= 7% × 1.28 × 1.93 = 17.3%
```

அறிக்கையோடு ஒத்துப்போகிறது. முதலாண்டுக்கும் சராசரி முறையிலேயே பிரித்துப் பாருங்கள். ஓராண்டுக்கு முடிவுத் தொகை, இன்னோர் ஆண்டுக்குச் சராசரி என்று கலந்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

வளர்பிறை:
பார்த்துவிட்டேன். முதலாண்டில் 8 சதவீதம், 1.28, 1.63 என்று வருகிறது. சுழற்சி அசையவில்லை, லாப விகிதம் இறங்கியிருக்கிறது, லீவரேஜ் மட்டுமே ஏறியிருக்கிறது.

தணிக்கைமேசை:
அந்த மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்று எண்ணிவிடாதீர்கள். பைபேக்குக்காக வாங்கிய கடனின் வட்டி, லாப விகிதத்தையும் அரித்திருக்கிறது. வட்டி 8.5 கூடியதில் வரிக்குப் பின் சுமார் 6.4 போயிற்று, விற்பனையில் அது 0.6 சதவீதப் புள்ளி. மீதி 0.4 புள்ளிதான் தொழிலிலேயே ஏற்பட்ட சரிவு. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம், விற்பனை கூடியபோதும் 118.5 அளவிலேயே நின்றுவிட்டதைக் கவனியுங்கள்.

பைபேக்கும் புதுக் கடனும் இல்லாமல் இருந்திருந்தால் லாபம் ஏறக்குறைய 79.9, சராசரிப் பங்குதாரர் நிதி 540 என்றாகி, ஆர்ஓஇ 14.8 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். கையில் தங்கியிருக்கும் பணம் ஈட்டக்கூடிய சிறு வருமானத்தை இதில் சேர்க்கவில்லை.

நெல்மணி:
எங்கள் அலுவலகத்தில் 2019-இல் இதே குழப்பம் வந்தது, ஆனால் பைபேக் எதுவும் இல்லை. குத்தகைக்கான கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 16 நடைமுறைக்கு வந்து, குத்தகைக் கட்டடங்கள் சொத்தாகவும் கடப்பாடாகவும் கணக்கில் ஏறின. சுழற்சி விழுந்தது, லீவரேஜ் எழுந்தது. தொழிலில் எதுவும் மாறவில்லை. இவரது கணக்கிலும் அப்படி இருக்கக்கூடுமே?

தணிக்கைமேசை:
நல்ல எச்சரிக்கை. இங்கே சுழற்சி அசையாததாலும், கடன் உயர்வுக்குப் பைபேக் தெரிவதாலும், அதற்கு வாய்ப்புக் குறைவு.

கடைசிவரி:
கடன்தான் காரணம் என்று நான் முதலிலேயே சொன்னேனே.

தணிக்கைமேசை:
சொன்னீர்கள், ஆனால் 0.4 புள்ளிச் சரிவைக் கடனால் விளக்க முடியாது. இன்னொன்று: சராசரி எடுத்ததால் பைபேக்கின் பாதி விளைவுதான் இவ்வாண்டில் தெரிகிறது. அடுத்த ஆண்டு 350 என்ற சிறிய தொகையில் தொடங்குவதால், தொழில் அப்படியே நின்றாலும் ஆர்ஓஇ மேலும் ஏறக்கூடும். அப்போது 290 கடனுக்கும் முழு ஆண்டு வட்டி வந்து சேரும்.

வளர்பிறை:
புரிகிறது. தொழிலில் ஏற்பட்ட சரிவு விலைக் குறைப்பாலா, மூலப்பொருள் செலவாலா என்பது இந்த மூன்று எண்களில் தெரியவில்லை. அறிக்கையின் செலவுக் குறிப்புகளைப் படித்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன்.