அஃபெக்ட், எஃபெக்ட்: கோடிட்ட இடக் கேள்விகளுக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தாம்பரத்தில் வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காகப் பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்பதால், கோட்டுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்கச் சொல்கிறேன். 'ரெயின் வில் ___ ட்ரெயின்ஸ்' என்றால் 'வில்'லுக்குப் பின் வினை வேண்டும், அஃபெக்ட். 'ரெயின் ஹேட் அன் ___ ஆன் ட்ரெயின்ஸ்' என்றால் 'அன்' பெயர்ச்சொல் கேட்கிறது, எஃபெக்ட். இடையில் 'சீரியஸ்' வந்தாலும் பெயர்ச்சொல்தான். 'சீரியஸ்லி' வந்தால்தான் வினை. இந்த 'லி'யைக் கவனிக்காமல்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

சிக்கல் இதில்தான்: 'தி நியூ மேனேஜர் ஹோப்ஸ் டு ___ எ சேஞ்ச்'. 'டு'வுக்குப் பின் வினை என்று அஃபெக்ட் போடுகிறார்கள். ஆனால் இங்கே மாற்றத்தைக் கொண்டுவருவது என்ற பொருள். எஃபெக்ட்டே வினையாக வருகிறது. ஏற்கெனவே நடக்கும் மாற்றத்தைப் பாதிப்பது என்றால் அஃபெக்ட்டும் இலக்கணப்படி சரியே! அதனால் 'பிரிங் அபவுட்' பொருத்திப் பார்க்கச் சொல்கிறேன், ஆனாலும் விடை ஒன்றாக நிற்பதில்லை.

எஃபெக்ட் வினையாக வந்து, வேறு விடைக்கு இடமே தராத வாக்கியங்கள் யாரிடமாவது உண்டா? நான்கைந்து போதும்.