பின்னல் குறிப்பில் வரும் ‘டென்ஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

தலவாக்கலையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியாப் பக்கம் சுவெட்டர் பின்னி விற்கிற பெண்கள் சிலருக்காக ஒரு ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சிறுபிள்ளைகளுக்கான முழுக்கை சுவெட்டர், மார்பளவு 61, 66, 71 செ.மீ. என்று மூன்று அளவு. என்னிடம் தாள் இல்லை, போனில் எடுத்த படம்தான் இருக்கிறது, அதுவும் நடுவில் மடிப்பு விழுந்த தாளின் படம். எழுத்தைப் பிரித்தெடுக்கிற செயலியில் போட்டதில் வந்தது இது:

```
Tension: 28 sts and 36 rows to 10 cm on 3¼ mm needles.
BACK: Cast on 94 (102, 118) sts.
1st row: K2, *P2, K2; rep from * to end.
```

முதல் வரியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ‘பதற்றம்’ என்று வருகிறது. அகராதியைப் பார்த்தால் இழுவிசை என்கிறது. இரண்டையும் எழுத மனம் வரவில்லை, ஏனென்றால் இங்கே சொல்லப்படுவது 10 செ.மீ. அகலத்தில் எத்தனை, 10 செ.மீ. உயரத்தில் எத்தனை என்கிற எண்ணிக்கை. இதற்கு ஒரு சொல் வேண்டும். ‘ஸ்டிச்’சுக்கும் வேண்டும். தையல் என்று எழுதலாம்தான், ஆனால் கடைசிப் பத்தியில் பக்கத் தையல் போடச் சொல்லும்போது இரண்டும் மோதிக்கொள்கிறது.

ஹட்டனிலிருந்து:

அக்கா, இதற்கு ஏன் புதுச்சொல்? ‘இறுக்கம்’ போதுமே. எங்கள் அம்மா லயத்தில் இருந்துகொண்டே பத்துப் பதினைந்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னிக் கொடுத்தவர், “அவள் கை இறுக்கம், இவள் கை தளர்வு” என்றுதான் சொல்வார். சுருக்கெழுத்துகளையும் தமிழாக்கிவிடுங்கள். K என்பதற்கு ‘நே’, P என்பதற்கு ‘எ’, நேர், எதிர் என்று ஆகிவிடும்.

பண்டாரவளையிலிருந்து:

நான் பள்ளியில் மனையியலும் தையலும் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஹட்டன் தம்பி சொல்கிற ‘இறுக்கம்’ பாதிக்குச் சரி. பின்னுகிறவரின் கை இறுக்கம் இந்த எண்ணை மாற்றும், ஆனால் ஊசியின் தடிப்பும் நூலின் தடிப்பும் அதே அளவுக்கு மாற்றும். ஒரே கையால், ஒரே நூலால், ஊசியை மட்டும் மாற்றிப் பின்னினாலும் எண் வேறாக வரும். இன்னொன்று, ‘இறுக்கம்: 28’ என்று எழுதினால் வாசிக்கிறவர் இழுத்துப் பின்னவேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். குறிப்பு அதைச் சொல்லவில்லை, எண்ணிப் பார் என்று சொல்கிறது.

எப்படி எண்ணுவது என்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேடுகிறவர்களுக்கு அது உதவும். அதே நூல், அதே ஊசியில் 15 செ.மீ. சதுரமாக ஒரு மாதிரித் துண்டு பின்னவேண்டும். கழுவிக் காயவைத்து, இழுக்காமல் பரப்பி, ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து குண்டூசி குத்தி, இடையில் உள்ளதை எண்ணவேண்டும். 28 வந்தால் தொடங்கலாம். 30 வந்தால் கொஞ்சம் தடித்த ஊசிக்கு மாறவேண்டும். இரண்டுதானே என்று விட்டால் என்ன ஆகும் என்று மூன்றாவது அளவில் பாருங்கள். முதுகுத் துண்டு 110. பத்துக்கு 28 என்றால் 39 செ.மீ. சொச்சம், முன்னும் பின்னும் சேர்ந்து சுற்றளவு 78½ செ.மீ. பத்துக்கு 30 என்றால் 73 செ.மீ. சொச்சம்தான். பிள்ளையின் மார்பு 71. ஜனவரிக் குளிரில் உள்ளே ஒரு சட்டையும் போட்டு அதன் மேல் இதைப் போட முடியாது.

நான் 110 என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் படத்தில் 118 என்று இருக்கிறது மகள், அது தவறான வாசிப்பு என்று நினைக்கிறேன். காரணத்தை அடுத்த மடலில் எழுதுகிறேன்.

பதுளையிலிருந்து:

நான் தையல்காரன். ‘டென்ஷன்’ என்றால் மெஷினில் மேல் நூலைப் பிடிக்கிற தகடு, அதைத் திருப்புகிற எண். மேல் நூல் தளர்ந்தால் துணிக்கு அடியில் நூல் சுருள் சுருளாக நிற்கும், இறுக்கினால் சரியாகும். இதற்கு நாங்கள் ‘நூல் இழுப்பு’ என்போம். இந்தச் சொல்லையே போட்டுவிடலாமே? அப்புறம் எனக்கும் ஒரு சந்தேகம், பிளவுஸ் பேட்டர்ன் ஒன்று இதே மாதிரி போன் படமாக வந்திருக்கிறது. அதை அப்படியே பிரிண்ட் எடுத்து வெட்டலாமா?

கண்டியிலிருந்து:

பதுளை அண்ணனின் சொல் மெஷினுக்குப் பொருத்தமானது, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் தமிழிலும் ஒரே சொல் வேண்டும் என்று இல்லை. பின்னலில் அமெரிக்கக் குறிப்புகள் இதை ‘கேஜ்’ என்கின்றன, பொருள் ஒன்றுதான். ஆக அவர்களின் இரண்டு சொல்லுக்கும் நமக்கு ஒன்று போதும்.

என் முன்மொழிவு ‘கண்ணடர்வு’. வலைக்குக் கண் என்கிறோம், அதுவே பின்னலுக்கும் பொருந்தும். ஒரு பரப்பில் எத்தனை இருக்கிறது என்பது அடர்வு.

ஹட்டனிலிருந்து:

கண்ணடர்வு என்றால் கண் ஆஸ்பத்திரிச் சொல் மாதிரி இருக்கிறது சேர். எங்கள் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், “யாருக்குக் கண்ணில் என்ன?” என்று கேட்டார்.

பண்டாரவளையிலிருந்து:

நான் வகுப்பில் ‘கண்ணி’ என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். ஊசியில் ஏறி நிற்கிற வளையத்துக்கு அது சரியான பெயர், பிள்ளைகளும் உடனே பிடித்துக்கொண்டார்கள். கண்ணிவெடி நினைவு வரும் என்று முன்பு ஒருவர் சொன்னார். நம் நாட்டில் அது வெறும் சொல்லாட்சேபம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ‘94 கண்ணி ஏற்றவும்’ என்று ஊசியும் நூலும் கையில் இருக்கும்போது வாசித்தால் பொருள் தடுமாறாது. அதன்படி டென்ஷனுக்கு ‘கண்ணி நெருக்கம்’ என்று வைக்கலாம். நெருக்கம் எல்லாருக்கும் தெரிந்த சொல், எண்ணையும் தாங்கும். ‘கண்ணி நெருக்கம்: 10 செ.மீ.க்கு 28 கண்ணி, 36 வரி.’

இப்போது 118. முதல் வரி இரண்டு, பிறகு இரண்டும் இரண்டுமாகத் திரும்பத் திரும்ப வருவது. ஆகவே மொத்தம் நான்கின் மடங்கோடு இரண்டு கூடியதாக இருக்கவேண்டும். 94 சரி, 102 சரி. 118 கூட அந்தச் சோதனையில் தேறிவிடுகிறது, அதுதான் ஆபத்து. ஆனால் 94இலிருந்து 102க்கு எட்டுக் கூடுகிறது, 118க்குப் பதினாறு கூடுகிறது. மார்பளவோ ஐந்து ஐந்தாகத்தான் கூடுகிறது. கண்ணி நெருக்கத்தால் பாருங்கள், 118 என்றால் சுற்றளவு 84 செ.மீ. தாண்டும், 71 செ.மீ. பிள்ளைக்கு 13 செ.மீ. தொளதொளப்பு. மற்ற இரண்டு அளவிலும் 6, 7 செ.மீ.தான் விட்டிருக்கிறார்கள். மகள், கைக்குழி வெட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று அனுப்புங்கள், அதில் உறுதியாகிவிடும்.

தலவாக்கலையிலிருந்து:

இதோ டீச்சர், இந்தப் பகுதியில் மடிப்பு இல்லை:

```
Cast off 5 sts at beg of next 2 rows.
Dec 1 st at each end of next and every foll alt row
until 76 (82, 88) sts rem.
```

நான் எழுதியிருப்பது: “அடுத்த இரண்டு வரிகளின் தொடக்கத்தில் ஐந்தைந்து கண்ணி முடிக்கவும். அதற்கு அடுத்த வரியிலும், பிறகு ஒன்றுவிட்டு ஒரு வரியிலும், இரண்டு முனையிலும் ஒவ்வொரு கண்ணி குறைக்கவும், 76 (82, 88) கண்ணி மிஞ்சும் வரை.”

பண்டாரவளையிலிருந்து:

நல்லது. ‘இரண்டு முனையிலும்’ என்று எழுதியது மிக முக்கியம், பலர் ‘முனையில் ஒரு கண்ணி’ என்று எழுதிவிடுவார்கள், கைக்குழி ஒரு பக்கம் மட்டும் சாயும்.

கணக்குப் போடுங்கள். பத்து கழித்தால் 84, 92. அங்கிருந்து 76க்கும் 82க்கும் வர 8, 10 குறையவேண்டும், ஒரு வரியில் இரண்டு குறைவதால் நான்கு தரம், ஐந்து தரம். மூன்றாவது 110 என்றால் 100இலிருந்து 88, ஆறு தரம். நான்கு, ஐந்து, ஆறு. 118 என்றால் பத்துத் தரம் ஆகிறது, எந்தக் குறிப்பு எழுதுகிறவரும் அப்படி எழுதமாட்டார்.

ஹட்டன் தம்பிக்கு: சுருக்கெழுத்தை அப்படியே விடவேண்டும் என்பது என் கட்சி. K2 என்றால் இரண்டு கண்ணி பின்னி இரண்டும் நிற்கும். K2 tog என்றால் இரண்டையும் சேர்த்துப் பின்னி ஒன்றாகும். ‘நே2’ என்று மாற்றுகிறபோது பின்னால் வரும் அந்தத் துண்டு விழுந்துவிட்டால் வரிக்கு வரி எண்ணிக்கை தப்பும், மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்காது. குறிப்பின் தலையில் ஒரு தரம் தமிழில் விளக்கிவிட்டு, உள்ளே எழுத்து, நட்சத்திரம், அடைப்புக்குறி எதையும் தொடாமல் விடுங்கள்.

கண்டியிலிருந்து:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை டீச்சர். ஆங்கில எழுத்துப் பழக்கமில்லாத தோட்டத்துப் பெண்களுக்கு K, P இரண்டும் வெறும் கோடுகள். மூலத்தை ஒரு பத்தியில், தமிழ்ச் சுருக்கத்தை அதன் பக்கத்தில் என்று இரண்டையும் கொடுக்கலாம். ‘கண்ணி நெருக்க’த்துக்கு மட்டும் என் வாக்கு உண்டு, கண்ணடர்வை மீளப்பெறுகிறேன்.

ஹட்டனிலிருந்து:

இரண்டு பத்தி என்றால் எனக்குச் சம்மதம். அம்மாவிடம் ஒரு பழைய ஆங்கிலத் தாள் இருக்கிறது, அதில் ஊசி ‘No. 10’ என்று மட்டும் போட்டிருக்கிறது. அதை என்னவென்று எழுதுவது?

பண்டாரவளையிலிருந்து:

பழைய பிரிட்டிஷ் தாள் என்றால் 3¼ மி.மீ. அவர்கள் எண்ணில் பெரியது மெல்லிய ஊசி. அமெரிக்கத் தாளில் அதே 10 என்றால் 6 மி.மீ., கிட்டத்தட்ட இரட்டிப்பு. எனவே எண்ணை மாற்றாமல் எழுதி, பக்கத்தில் மி.மீ. போடுங்கள். எந்த நாட்டுத் தாள் என்று தெரியாவிட்டால் கண்ணி நெருக்கத்தைப் பாருங்கள். அங்குலத்துக்கு 7 என்று இருந்தால் 6 மி.மீ. ஊசியில் அது வராது.

பதுளைத் தம்பிக்குப் பதில் சொல்ல மறக்கவில்லை. போன் படத்திலிருந்து வெட்டாதீர்கள். சாய்த்து எடுத்த படத்தில் மேல் பக்கம் சுருங்கி, கீழ்ப் பக்கம் விரிந்திருக்கும். தாளில் அச்சிட்ட அளவுச் சதுரம் இருந்தால், பிரிண்டில் அதன் நான்கு பக்கத்தையும் அளந்து பாருங்கள். எழுத்தில் உள்ள எண்களை மட்டும் எடுத்து, அளவு நாடாவால் புதிதாக வரைவதுதான் சரி.

பதுளையிலிருந்து:

சதுரம் இருக்கிறது டீச்சர், ஒரு பக்கம் ஒரு அங்குலம், எதிர்ப் பக்கம் முக்கால்தான். புதிதாகவே வரைகிறேன்.

தலவாக்கலையிலிருந்து:

படம் எடுத்தவரிடம் மடிப்பை நீவி, அந்த வரியை மட்டும் கிட்டே எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை வரைவில் 110 என்று போட்டு, படத்தில் 118 போலத் தெரிகிறது என்று ஓரத்தில் எழுதி வைக்கிறேன். தலைப்பில் ‘கண்ணி நெருக்கம்’ என்றே போகிறது. தமிழ்ச் சுருக்கங்களுக்கு ‘நே’, ‘எ’ தவிர வேறு யோசனை இருப்பவர்கள் எழுதுங்கள். ‘எ’ கையெழுத்தில் 6 மாதிரித் தெரிகிறது, எண்ணுக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.