பக்கவாட்டு முகத்தை நேர்முகத்தில் பொருத்தியபோது

குறும்படத் தொகுப்பாளர்:
எங்கள் குறும்படத்தின் நாயகிக்குக் காலில் அடிபட்டதால், எஞ்சிய ஒரு காட்சியில் வேறொரு பெண்ணை நடிக்கவைத்து, இருவரின் ஒப்புதலோடும் முகத்தை மட்டும் மாற்ற முடிவு செய்தோம். அப்பெண் கேமராவை நேராகப் பார்க்கிறார். எங்களிடமிருந்த தெளிவான படத்திலோ நாயகி ஏறக்குறைய 60 பாகை திரும்பியிருக்கிறார். dlib என்ற நிரல்தொகுப்பு முகத்தில் அடையாளம் காட்டும் 68 புள்ளிகளைக் கொண்டு முக்கோணம் முக்கோணமாக இழுத்துப் பொருத்தினேன். மறைந்த கன்னத்தில் சில பிக்சல் அகலமே இருந்த முக்கோணங்கள் பல மடங்கு இழுபட்டதால், தோல் கோடுகோடாகிவிட்டது. இதைச் சமாளித்தவர்கள் பகிர வேண்டுகிறேன்.

புகைப்படக்காரர்:
தெரிகிற பாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபாதியில் ஒட்டினால் போதும். நான் அப்படித்தான் செய்து வருகிறேன்.

குறும்படத் தொகுப்பாளர்:
அதையும் செய்து பார்த்தேன், ஐயா. கோடுகள் மறைந்தன, ஆனால் மூக்குத்தி இருபுறமும் வந்துவிட்டது. சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுந்திருந்தும் இரு கன்னங்களும் ஒரே அளவில் ஒளிர்ந்தன.

காட்சி விளைவுக் கலைஞர்:
படத்தில் இல்லாத தோலை இழுத்துக் கொண்டுவர இயலாது. முகம் மாற்றும் `inswapper_128` என்ற மாதிரி, மூலப் படத்தின் தோலைத் தொடுவதே இல்லை. 512 எண்களாக முக அடையாளத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, தலைக்கோணத்தையும் ஒளியையும் இலக்குப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆயினும் மூலப் படத்தின் கோணம் பொருட்டே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கண்கள், மூக்கு நுனி, வாயோரங்கள் ஆகிய ஐந்து புள்ளிகளை வைத்து முகத்தைச் சீர்செய்த பிறகே அந்த எண்கள் கணக்கிடப்படுகின்றன; அந்தச் சீரமைப்பால் படத்தைச் சுழற்றவும் பெரிதாக்கவும் முடியுமே தவிர, திரும்பிய தலையை நேராக்க முடியாது. ஆகவே நாயகியின் வேறு காணொளிகளிலிருந்து முகங்களைத் திரட்டி, ஓரளவு நேராக உள்ளவற்றின் சராசரியை எடுங்கள்.

```
near = [f for f in faces if abs(f.pose[1]) < 20]
src = near[0]
src.embedding = np.mean(
    [f.normed_embedding for f in near], axis=0)
```

தலை பக்கவாட்டில் 20 பாகைக்குள் திரும்பியிருக்க வேண்டும் என்பது என் பழக்கத்தில் வந்த எல்லைதான். போதிய முகங்கள் கிடைக்காவிட்டால் சற்றுத் தளர்த்தலாம்.

குறும்படத் தொகுப்பாளர்:
ஒத்திகையின்போது கைபேசியில் எடுத்த காணொளியில் அப்படி 14 முகங்கள் கிடைத்தன. கன்னம் சீராக வந்தது; பார்த்தவுடன் அவர்தான் என்று சொல்லிவிடலாம். மூக்குத்தி மட்டும் வரவில்லை, அதை வரைந்து சேர்த்தேன். 128 பிக்சல் அளவிலேயே முகம் உருவாவதால் நெருக்கக் காட்சியில் இமைமுடிகள் குழைந்து தெரிகின்றன. அந்தக் காட்சியை இன்னும் முடிக்கவில்லை.

புகைப்படக்காரர்:
என்னிடம் வருபவர்கள் இறந்த பாட்டியின் பக்கவாட்டுப் படம் ஒன்றை மட்டும் கொடுத்து, மாலை போட நேர்முகப் படம் கேட்கிறார்கள். சராசரி எடுக்க நான் எங்கே போவது?

காட்சி விளைவுக் கலைஞர்:
அங்கே மறுபாதி முழுவதும் ஊகமே என்பதைக் குடும்பத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மகளையோ பேத்தியையோ நேராகப் படமெடுத்து இலக்காக வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் மனம் நிறைந்து வாங்கிக்கொண்டார்கள், இன்னொரு வீட்டில் "இது பாட்டி இல்லை, அத்தை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.