ஸ்பேஷியல் ஸ்ட்ரீமுக்குத் தமிழ்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வலையமைப்பு ஆய்வகக் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வைஃபை அத்தியாயத்தில் ஸ்பேஷியல் ஸ்ட்ரீம் என்ற சொல் இருபது இடங்களுக்கு மேல் வருகிறது. "இடவோடை" என்று எழுதி இரண்டு மாணவர்களிடம் காட்டினேன். ஒருவன் இடப்பக்கம் ஓடும் ஓடை என்று படித்தான், மற்றவள் வலவோடை எங்கே என்று கேட்டாள். வேறு சொல் தாருங்கள்.

இளங்கோவன் எழுதியது:

அம்மா, "வெளியோடை" என்று எழுதுங்கள். ஓடு என்ற வினையடியில் பிறந்தது ஓடை. தரவும் ஓடுவதுதானே. ஓடைக்கு யானையின் நெற்றிப்பட்டம் என்ற பொருளும் பழைய பாட்டுகளில் உண்டு. பட்டம் என்றால் நீண்டு அகன்ற தகடு. அலைவரிசைக்கும் பட்டை என்கிறோம். ஆகவே பட்டையும் ஓடையும் தமிழில் முன்பே உறவுடையவை. இவ்வளவு வளம் இருக்கும்போது பிறமொழியிடம் கையேந்த வேண்டியதில்லை.

ரமணி எழுதியது:

கேள்வி வைஃபை வேகம் பற்றியது என்பதால் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். 500 மெகாபிட் திட்டத்துக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. ரௌட்டரில் மூன்று கொம்புகள், பெட்டியில் AC1750 என்று போட்டிருக்கிறது. ரௌட்டருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தாலும் என் மடிக்கணினியில் 280ஐத் தாண்டுவதில்லை. மகளின் மடிக்கணினியில் 480 வருகிறது. இணைப்புத் தருபவர்கள் என்னை ஏமாற்றுகிறார்களா?

முத்துக்குமரன் எழுதியது:

ரமணி ஐயா, உங்கள் குறையும் கயல்விழியின் சொல்லும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. உங்கள் கணினியில் லினக்ஸ் இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். `iw dev wlan0 link` என்று கொடுத்து, tx bitrate என்று தொடங்கும் வரியை அனுப்புங்கள்.

ரமணி எழுதியது:

```
tx bitrate: 433.3 MBit/s VHT-MCS 9 80MHz short GI VHT-NSS 1
```

முத்துக்குமரன் எழுதியது:

கடைசியில் இருக்கும் NSS 1தான் காரணம், உங்கள் இணைப்பில் குறையில்லை. NSS என்பது ஒரே நேரத்தில் ஓடும் ஸ்பேஷியல் ஸ்ட்ரீம்களின் எண்ணிக்கை. உங்களுக்கு ஒன்றுதான் ஓடுகிறது.

80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் தரவு சுமக்கும் துணை அலைகள் 234. மிக நல்ல நிலையில் ஒவ்வொன்றும் ஒரு துடிப்புக்கு 8 பிட் சுமக்கும். ஆறில் ஒரு பங்கு பிழைதிருத்தத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது 1560 பிட். ஒரு துடிப்பு 3.6 மைக்ரோ வினாடி. வகுத்தால் 433.3 வருகிறது. உங்கள் கணினி தன் உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் மாறி மாறிப் பேசும் காற்றில் பேசுமுன் காத்திருப்பதற்கும், வந்து சேர்ந்ததென்று பதில் சொல்வதற்கும் போனால், கைக்கு வருவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதுதான் உங்கள் 280. மகளின் கணினியில் NSS 2, அதாவது 866.7.

பெட்டியில் உள்ள 1750 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் 450ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 1300ஐயும் கூட்டிய எண். அந்த 1300 கிடைக்க மறுமுனையிலும் மூன்று ஸ்ட்ரீம் வேண்டும்.

தேன்மொழி எழுதியது:

அப்படியானால் சிக்கலே இல்லையே. "அலைவாங்கி எண்ணிக்கை" என்று எழுதிவிடலாம். ஒரு கொம்பு ஒன்று, இரண்டு கொம்பு இரண்டு. மாணவருக்கு உடனே புரியும்.

முத்துக்குமரன் எழுதியது:

தேன்மொழி, பாதி சரி. அலைவாங்கிகளைவிட ஸ்ட்ரீம்கள் அதிகமாக முடியாது, குறைவாக இருக்கலாம். 3x3:2 என்று குறிக்கப்படும் கருவிகளில் கொம்பு மூன்று, ஸ்ட்ரீம் இரண்டு. மூன்றாவது கொம்பு வேகத்தைக் கூட்டாது, தளர்ந்த அலையைத் தாங்கிப் பிடிக்கும். இரு முனைகளில் எது குறைவோ அதுதான் இணைப்பின் எண்ணிக்கை.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், சொல்லும் அதிலிருந்து கிடைக்கலாம். ரௌட்டரின் இரண்டு கொம்புகள் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், வெவ்வேறு தரவை அனுப்புகின்றன. காற்றில் இரண்டும் கலந்துவிடும். ஆனால் சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் வழிகள் வேறு வேறு என்பதால், மடிக்கணினியின் முதல் கொம்பு கேட்கும் கலவையும் இரண்டாம் கொம்பு கேட்கும் கலவையும் ஒன்றாக இரா. தெரியாதவை இரண்டு, சமன்பாடுகள் இரண்டு. பிரித்துவிடலாம். கொம்பு ஒன்றே என்றால் சமன்பாடும் ஒன்றே. என்ன விலை கொடுத்து ரௌட்டர் வாங்கினாலும் பிரிக்க முடியாது.

இதில் இன்னொன்றும் உண்டு. எதிரொலிக்க எதுவுமில்லாத திறந்த மைதானத்தில், நேருக்கு நேர் வைத்தால், இரண்டு கலவைகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடலாம். அப்போது இரண்டு கொம்பு இருந்தும் NSS 1க்கு இறங்கும். ஆய்வகத்தில் மாணவர்களைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள் கயல்விழி.

கயல்விழி எழுதியது:

நன்றி அண்ணா. இதைப் படித்ததும் ஓடை எனக்கு உறுத்துகிறது. ஓடைக்குத் தனிக்கரை உண்டு. இவை கலந்து பிரிகின்றன. "இழை" என்றால்? முறுக்கிய கயிற்றைப் பிரித்தால் இழை இழையாக வருமே.

தேன்மொழி எழுதியது:

ஒளியிழை அடுத்த அத்தியாயத்திலேயே வருகிறது. நிரல் எழுதுவோர் திரெட்டுக்கும் இழை என்கிறார்கள். வேண்டாம். "இணையோடை"?

கயல்விழி எழுதியது:

இணையத்தில் ஓடும் ஓடை என்று படிப்பார்கள். என் மாணவர்கள் நிச்சயம் படிப்பார்கள். "தாரை" பொருந்துமா? மழைத்தாரைகள் ஒரே வெளியில் இறங்குகின்றன, ஒரே நேரத்தில் இறங்குகின்றன, ஆனாலும் பல. வெளித்தாரை.

இளங்கோவன் எழுதியது:

தாரை வடமொழித் தாரா. ஓடை நம்முடையது. தாரையும் தப்பட்டையும் என்னும்போது அது ஊதுகருவி, தாரை வார்த்தல் என்றால் நீர் ஊற்றித் தானம் கொடுத்தல். மாணவர் மனத்தில் எது எழும்? நான் உடன்படவில்லை.

முத்துக்குமரன் எழுதியது:

ஐயா, வெளியோடை என்றாலும் வெளியே ஓடும் ஓடை என்ற பொருள் எழத்தான் செய்யும். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது என்பதை எட்டாம் வகுப்பு மாணவரும் எழுதுகிறார். ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் என்ற கருத்து அந்த அடுக்கிலேயே இருக்கிறது. என் வாக்கு தாரைக்கு.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஒரே அலைவரிசையில் பல தாரைகளை அனுப்பலாம் என்று தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார். அவர் காட்டிய வழிக்குத் தமிழில் சரியான பெயர் இல்லாதது எனக்கு வருத்தமே.

ரமணி எழுதியது:

எல்லாரும் தாரையில் இருக்கிறீர்கள், நான் என் கணினிக்கு வருகிறேன். வைஃபை அட்டையை மட்டும் இரண்டு தாரை அட்டையாக மாற்றினால் போதுமா?

முத்துக்குமரன் எழுதியது:

முதலில் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். அட்டையில் செருகியிருக்கும் மெல்லிய கம்பிகள் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு இருந்தால் அட்டை மாற்றலாம். ஒரே கம்பி என்றால் திரைச் சட்டத்துக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஒரே அலைவாங்கி. புதிய அட்டையின் இரண்டாம் முனை வெறுமனே கிடக்கும்.

ரமணி எழுதியது:

கழற்றினேன். கறுப்புக் கம்பி ஒன்றுதான். யுஎஸ்பி 3 துளையில் செருகும் இரண்டு தாரைக் கருவியை மகளிடமிருந்து வாங்கிப் போட்டுப் பார்த்தேன். 866.7, NSS 2. வேகம் 470. இணைப்புத் தருபவர்கள்மீது மூன்று மாதமாக வைத்திருந்த கோபத்தை விட்டுவிட்டேன்.

கயல்விழி எழுதியது:

வெள்ளி காலை. கையேட்டில் "வெளித்தாரை" என்று போட்டு அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ஸ்பேஷியல் ஸ்ட்ரீம் என்று தமிழ் எழுத்தில் அடிக்குறிப்புத் தந்திருக்கிறேன். இளங்கோவன் ஐயா பொறுத்தருள வேண்டும்.

இளங்கோவன் எழுதியது:

பொறுத்தேன், ஏற்கவில்லை. அடுத்த பதிப்பில் ஓடைக்காக மீண்டும் எழுதுவேன். அதற்கு முன் ஒன்று: அனுப்பவும் செய்கிற கருவியை அலைவாங்கி என்று எப்படி எழுதினீர்கள்?