மண்டபத்தில் மறுபடி மறுபடி விழுந்த எம்சிபி

நான் ஹெல்பராகச் சேர்ந்து எட்டு மாசம் இருக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் மேடைப் பக்கத்து 32 ஆம்பியர் எம்சிபி ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. "பிரேக்கர் வீக் ஆயிடுச்சு, 40 போட்டு விடுங்க" என்றார் மேனேஜர். மேஸ்திரி அண்ணனுக்கு வேறு இடத்தில் வேலை. "எதையும் மாத்தாதே, எவ்வளவு நேரத்துல விழுதுன்னு மட்டும் பாரு" என்று என்னை அனுப்பினார்.

தூக்கிவிட்டேன். 25 நிமிஷம் நின்றது. உடனே மறுபடி தூக்கினால் 10 நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஷார்ட் என்றால் தூக்கின கையோடு 'டப்' என்று விழுந்திருக்கும். இது உள்ளே தகடு சூடாகி விழுகிறது. ஆறுவதற்குள் தூக்கினதால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம்.

டங் டெஸ்டரை மாட்டினேன். எம்சிபிக்கு வரும் ஒயரில் 46 ஆம்பியர். மண்டபத்து லைட், ஃபேனுக்குப் போகும் ஒயரிலோ வெறும் 18. மீதி 28 எங்கே?

டார்ச் அடித்துப் பார்த்தால் அதே ஸ்க்ரூவில் இன்னொரு ஒயர் சொருகியிருக்கிறது. பிடித்துக்கொண்டே போனேன். ஜன்னல் வழியாக மேடைக்குப் பின்னால் 1000 வாட்ஸ் ஹாலஜன் நாலு, போதாததற்கு 2500 வாட்ஸ் வாட்டர் ஹீட்டர் ஒன்று. அலங்காரக்காரர்கள் இழுத்த டெம்பரரி லைன். எல்லாம் ஒன்றரை ஸ்கொயர் ஒயரில்! மிச்ச ஒயரைச் சுருட்டி மேடைத் துணிக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஆஃப் பண்ணிவிட்டுத் தொட்டேன். நகம் பட்ட இடம் அப்படியே பள்ளம் விழுந்தது. 40 போட்டிருந்தால் எம்சிபி நின்றிருக்கும், துணி தீப்பிடித்திருக்கும்.

அண்ணன் வந்து ஹீட்டரைத் தனி பவர் பிளக்குக்கு மாற்றினார். ஹாலஜனுக்கு வேறு ஃபேஸில் 20 ஆம்பியர் எம்சிபி, 4 ஸ்கொயர் ஒயர், சுருள் இல்லாமல் விரித்து. ராத்திரி முழுக்க விழவில்லை. மேனேஜர் மட்டும் கடைசிவரை பிரேக்கரைத்தான் குறை சொன்னார்.

பதில் 1: எங்க மண்டபத்துலயும் இதே கதைதான். மழையில சீரியல் லைட் நனைஞ்சு மெயினே போயிடும். ஹாலஜனைக் குறைச்சா சரியாகுமா?

பதில் 2: தம்பி, உங்களுது லீக்கேஜ் மாதிரி இருக்கு, விழுறது கரண்ட் கசிஞ்சா விழுற ஆர்சிசிபியா இருக்கும். லோடைக் குறைச்சுப் பிரயோஜனமில்ல. சீரியல் லைட்டை ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க.

பதில் 3: ஹாலஜனுக்குப் பதில் எல்இடி போட்டிருந்தா பிரச்சினையே வந்திருக்காதே?

பதில் 2: ஹாலஜன் லோடு பாதிக்கும் கீழே வந்திருக்கும், வாஸ்தவம்தான். ஆனா ஒரே ஸ்க்ரூவில ரெண்டு ஒயர் இருக்கிற வரைக்கும் லூஸ் கான்டாக்ட் சூடு இருக்கும். எனக்கு ஒரு சந்தேகம்: அத்தனை தடவை சூட்டுல விழுந்த அந்த 32-ஐ மாத்தினீங்களா?

எழுதியவர்: இல்லண்ணே. அண்ணன் 'ஓடட்டும்'னுட்டார். நானா இருந்தா மாத்தியிருப்பேன்.