கை தூக்கினால் பிளவுஸ் மேலே ஏறுகிறதா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கோபி தையல்கடை

எங்கள் கடைக்கு ஒரு டீச்சர் வந்திருந்தார். போர்டில் எழுதக் கை தூக்கினாலே பிளவுஸ் மொத்தமும் மேலே ஏறி, கீழ்ப்பட்டி இடுப்பை விட்டுப் போய்விடுகிறது என்றார். ஏற்கெனவே வேறொரு கடையில் பக்கத் தையலைப் பிரித்து லூஸ் விட்டிருக்கிறார்கள். மார்பில் தொளதொள என்று ஆனதுதான் மிச்சம், ஏறுவது நிற்கவில்லை.

போட்டுப் பார்க்கச் சொன்னேன். கை தொங்கும்போது அவ்வளவு அழகாக இருந்தது, ஒரு மடிப்பு கிடையாது. கையைப் பக்கவாட்டில் தூக்கியதும் அக்குளிலிருந்து இடுப்புவரை துணி கயிறு மாதிரி இழுத்தது. டேப் வைத்துப் பார்த்தேன். அவருடைய உடம்பில் ஆர்ம்ஹோல் சுற்று 16 இன்ச், பிளவுஸில் 17½. அக்குள் தையல் உண்மையான அக்குளுக்கு முக்கால் இன்ச் கீழே தொங்கியது. கைச்சுற்று 12, பிளவுஸ் கையின் அகலம் 13, கை வளைவின் உயரம் 5½.

ஆர்ம்ஹோல் இறங்கினால் அதன் சுற்று கூடும். கையின் வளைவும் அந்தச் சுற்றுக்குப் பொருந்த வேண்டும். கையை அகலமாக்காமல் பொருத்த வேண்டும் என்றால் வளைவை உயரமாக்குவது ஒன்றுதான் வழி. தோளிலிருந்து கை நீளம் 10 இன்ச் என்றால், வளைவு 5½ போக அடித்தையலுக்குக் கிடைப்பது 4½ தான். கை தூக்கும்போது நீள வேண்டியது அந்த அடித்தையலும் பக்கத் தையலும் சேர்ந்த நீளம். அங்கே துணி இல்லாததால் இடுப்பிலிருந்து இழுத்துக்கொள்கிறது. பக்கத்தில் லூஸ் விட்டால் அகலம்தான் கூடும், இந்த நீளம் கூடாது.

புதுப் பிளவுஸில் ஆர்ம்ஹோலை முக்கால் இன்ச் மேலே ஏற்றினேன். சுற்று 16¼ ஆனது. கை அகலம் 13½, வளைவு உயரம் 4¼ என்று வரைந்தேன். இப்போது அடித்தையல் 5¾. பக்கத் தையலில் கிடைத்த முக்காலையும் சேர்த்தால் அக்குளுக்கு அடியில் 2 இன்ச் துணி கூடுதல். மார்பு லூஸில் கைவைக்கவே இல்லை. டீச்சர் கடைச் சுவரில் எழுதுகிற மாதிரி செய்து பார்த்தார், பட்டி லேசாக அசைந்ததோடு சரி. ஆனால் கையைத் தொங்கவிட்டால் முன்பக்க அக்குளில் சாய்வாக ஓரிரு மடிப்பு விழுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், அவர் ஒத்துக்கொண்டார்.

உங்களுக்கு இப்படி வந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

பொள்ளாச்சி அக்கா

நான் எல்லாப் பிளவுஸுக்கும் உள்ளே 2 இன்ச் விட்டுத்தான் தைப்பேனுங்க. டைட்டானால் பிரித்து விட்டுக்கலாம். லூஸுக்கு எங்கள் பக்கம் குறையே இல்லை. என் தங்கச்சிக்குக் கை தூக்கினால் ஏறுவதில்லை, ஆனால் முன்பக்கம் கூம்பு மாதிரி நிற்கிறது. அதுக்கும் கைதான் காரணமா?

கோபி தையல்கடை

அக்கா, நீங்கள் சொல்வது உள்தையல் துணி. நான் சொல்லும் லூஸ், தைத்து முடித்த அளவு உடம்பு அளவை விட எவ்வளவு கூட இருக்கிறது என்பது. உள்ளே 2 இன்ச் மடிந்து கிடந்தாலும் அது உடம்புக்கு உதவாதுங்க.

தங்கச்சிக்குக் கை காரணமில்லை. டாட், மார்பின் பாயிண்ட்டைத் தொடும்வரை போயிருக்கும், அல்லது தாண்டியிருக்கும். தோளிலிருந்து பாயிண்ட் 10 இன்ச் என்றால், கீழ் டாட் அதற்கு முக்கால், ஒரு இன்ச் முன்பே முடிய வேண்டும். முடிகிற இடத்தில் கடைசி அரை இன்ச்சைத் துணி மடிப்பை ஒட்டியே ஓட்டி, வெறுமனே வழுக்கி இறங்க வேண்டும். சட்டென்று முடித்தால் கூம்புதான்.

இன்னொன்று, யாராவது தோள் தையலைப் பிடித்தார்களா என்று கேளுங்கள். அரை இன்ச் பிடித்தால் டாட்டும் அரை இன்ச் மேலே போய்விடும். பாயிண்ட்டுக்கு மேலே துணி காலியாக உப்பி நிற்கும், அதற்குக் கீழே தட்டையாக அழுத்தும்.

திருப்பூர் பேட்டர்ன்

அண்ணா, நான் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறேன். நாங்கள் கை வளைவையும் ஆர்ம்ஹோலையும் சமமாகத்தான் வைப்போம், கால் இன்ச் கூட வைக்க மாட்டோம். பக்கம் மூடுமுன்பே தட்டையாக வைத்து ஓவர்லாக் ஓட்டிவிடுவோம். வளைவும் உயரம் குறைவுதான். பிளவுஸுக்கும் அப்படியே வைத்தால் சுருக்கமே வராது. கையில் எக்ஸ்ட்ரா வைப்பது பழைய பழக்கம், தேவையே இல்லை.

ஈரோடு ஓய்வு டெய்லர்

தம்பி, பின்னல் துணிக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அது இழுபடும், தோள் உருண்டையை அதுவே சுற்றிக்கொள்ளும். நெய்த துணி அப்படி வளையாது. சமமாக வைத்தால் தோள் நுனியில் கை அழுத்தி, வளைவின் உச்சிக்குக் கீழே குறுக்கே ஒரு பள்ளம் விழும். சாதாரணக் காட்டனுக்கு மொத்தமாகக் கால் இன்ச்சிலிருந்து அரை இன்ச் கூட வைத்தால் போதும். கோரா காட்டன் மாதிரி விறைப்பான துணி என்றால் காலுக்கு மேல் வேண்டாம், பொடிச் சுருக்கமாக நின்றுவிடும். கம்பளிக் கோட்டுக்கு இன்ச் கணக்கில் வைத்து ஆவி காட்டி அடக்குவோம். அது கம்பளியின் குணம்.

வைப்பதையும் உச்சியில் குவிக்கக் கூடாது. உச்சிக்கு இரண்டு பக்கமும் இறங்குகிற சரிவில் துணி கிராஸில் ஓடும், அதுதான் சுருங்கி அடங்கும். அக்குள் பக்கம் துளியும் கூடாது.

கோபித் தம்பியிடம் ஒரு கேள்வி. ஆர்ம்ஹோல் 16¼ என்றீர்களே, முன்பக்க டாட்டைத் தைத்த பிறகு அளந்ததா, தைக்குமுன்பா? நாலு டாட் பிளவுஸில் ஆர்ம்ஹோல் டாட் ஒன்றே அரை இன்ச் தின்றுவிடும். வெட்டிய துணியை அளந்து கை வரைந்தால் அந்த அரை இன்ச் முழுக்கக் கையில் மிஞ்சும். பிறகு கை சுருங்குகிறது, வளைவு தப்பு என்று தேடிக்கொண்டிருப்போம். சுருக்கம் முன்பக்கம் மட்டும் வந்து பின்பக்கம் சுத்தமாக இருந்தால் முதலில் அந்த டாட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கோபி தையல்கடை

தைத்த பிறகுதானுங்க ஐயா. தைக்குமுன் 16¾ இருந்தது. கை வளைவு 16½ வைத்தேன், அதாவது கால் இன்ச் கூடுதல்.

திருப்பூர் பேட்டர்ன்

டாட் விஷயம் நல்ல பாயிண்ட் ஐயா, எங்கள் வேலையில் டாட்டே வராது. நெய்த துணிக்கு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனால் அரை இன்ச் என்பது எனக்கு இன்னும் அதிகமாகத்தான் தெரிகிறது.

அந்தியூர் வாசகி

தைத்து முடித்த பிளவுஸில் ஆர்ம்ஹோலை ஏற்ற வழியே இல்லைங்களா? என்னிடம் இதே குறையோடு ஆறேழு கிடக்கிறது.

ஈரோடு ஓய்வு டெய்லர்

வெட்டிய துணியை வளர்க்க முடியாதும்மா. தோளைப் பிடித்தால் ஆர்ம்ஹோல் ஏறும், ஆனால் டாட்டும் நீளமும் சேர்ந்து ஏறும் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். மிச்சத் துணி இருந்தால் அக்குளில் சதுரத் துண்டு ஒன்றைக் கிராஸாக, மூலைகள் தையல்களில் வருகிற மாதிரி வைக்கலாம். ஜிப்பாவில் வைப்பதுதான். ஒரு பக்கம் 2 இன்ச் போதும். அடியில் நீளம் கிடைக்கும், கை தொங்கும்போது வெளியே தெரியாது.

கோபித் தம்பியின் 4¼ கல்யாணப் பிளவுஸுக்கு எனக்குச் சம்மதமில்லை. ஆர்ம்ஹோலை ஏற்றலாம், வளைவை 5க்குக் கீழே விடமாட்டேன். மேடையில் கை தொங்கித்தான் இருக்கும், அக்குள் மடிப்பு போட்டோவில் தெரியும்.

கோபி தையல்கடை

அந்தப் பொண்ணு மாலை மாற்றக் கை தூக்க வேண்டுமே ஐயா. 16¼ சுற்றுக்கு 5 வைத்தால் கை அகலம் 12½ தான் வரும், 12 கைக்கு அரை இன்ச் லூஸ். பட்டில் அது பிடிக்கும். நான் 4½ஐத் தாண்ட மாட்டேன்.