பட்டினி கிடந்தால் செல் கெட்டதை மட்டும் தின்னுமா?

ஈசூன் குமரன் (இரவு 9:12)
16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் நம் செல் தனக்குள் இருக்கும் கெட்டதை மட்டும் தின்று சுத்தமாகிவிடும். பட்டினியில் செல் சாகவே சாகாது. 2016 நோபல் பரிசு இதற்குத்தான் கொடுத்தார்கள். 3 மாதமாகக் காலையில் கோப்பி ஓ கோசோங் மட்டும் குடிக்கிறேன், உடம்பு லேசாக இருக்கிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

புவனா, செல் வளர்ப்பு (இரவு 9:40)
மறுக்கிறேன். 9 வருடமாகச் செல்களைப் பட்டினி போடுவதுதான் என் வேலை. "கெட்டதை மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "மட்டும்" தவறு.

அமினோ அமிலம் குறைந்தால் எம்டார் என்ற புரதம் அடங்குகிறது. அது அடங்கியதும் யுஎல்கே1 எழுகிறது, அது பெக்லின் என்ற புரதத்தின் கூட்டத்தைத் தட்டி எழுப்புகிறது. அப்புறம் செல்லுக்குள் ஒரு சவ்வு கிண்ணம் மாதிரி வளர்ந்து, அக்கம்பக்கத்தில் இருப்பதை வளைத்து மூடிக்கொள்ளும். நல்ல ரைபோசோமும் அதில் போகும், வேலை செய்துகொண்டிருக்கும் புரதமும் போகும். பசிக்குச் சாப்பிடும்போது பெரும்பாலும் பொறுக்கி எடுப்பதில்லை. மூடிய பை செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு சேர்ந்து உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து, அமினோ அமிலமாக வெளியே வரும்.

நோபல் பரிசு யோஷினோரி ஓசுமிக்கு. அவர் பார்த்தது ஈஸ்ட். கரைக்கும் நொதி இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டார், கரையாத பைகள் உள்ளே குவிந்து கிடந்தது நுண்ணோக்கியில் தெரிந்தது. 16 மணி நேரம் விரதம் என்று அவர் எங்கும் பரிசு வாங்கவில்லை.

ஈசூன் குமரன் (இரவு 9:51)
கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவைக் குறி வைத்துத் தின்னும் வழி இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன் அக்கா. "மட்டும்" சரிதான்.

புவனா, செல் வளர்ப்பு (இரவு 9:58)
அந்த வழி இருக்கிறது. ஆனால் அது வேறு தேவைக்கு. பட்டினியில் முதலில் நடப்பது அது இல்லை. "மட்டும்" தவறு.

துணைப்பாட ஆசிரியர் மணி (இரவு 10:15)
இருவரும் தவறு. இது செல்லின் தற்கொலை. சாகும் செல்லை எல்லாம் பாருங்கள், உள்ளே பைகள் நிறைந்திருக்கும். பழைய நூல்களில் இரண்டாம் வகைச் சாவு என்றே இதற்குப் பெயர். பையன்களுக்கு 20 வருடமாக இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

புவனா, செல் வளர்ப்பு (இரவு 10:44)
சார், சாகும் செல்லில் பை இருக்கிறது என்பதால் பைதான் கொன்றது என்று ஆகாது. நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஹீலா என்ற மனிதப் புற்றுச் செல்கள், மூன்று தட்டுகள். முதல் தட்டில் வழக்கமான ஊட்டநீர். இரண்டாவதில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் உள்ள நீர், அமினோ அமிலமும் இல்லை, சீரமும் இல்லை. மூன்றாவதில் அதே பட்டினி நீரோடு பாஃபிலோமைசின். இந்த மருந்து லைசோசோமில் அமிலம் சேரவிடாது, அதனால் பை உருவாகும், உள்ளே இருப்பது கரையாது.

மறுநாள் காலை வந்து பார்த்தேன். இரண்டாவது தட்டில் செல்கள் மெலிந்து கிடந்தன, ஆனால் பெரும்பாலும் அடியில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. மூன்றாவதில் பாதிக்கு மேல் சுருண்டு மிதந்தன. மேலெல்லாம் பால் பொங்கும்போது வரும் நுரை மாதிரிக் குமிழ்கள். தன்னைத் தின்பதை மறித்ததும் சாவு சீக்கிரம் வந்தது. கொல்வது இதுவாக இருந்தால் மறித்ததும் பிழைத்திருக்க வேண்டுமே?

இன்னொன்று. மூன்றாவது தட்டில்தான் பைகள் ஏராளம். பையின் சவ்வில் ஒட்டும் எல்சி3 புரதத்தின் பட்டையும் புரதச் சோதனையில் தடிப்பாகத் தெரிந்தது. பையை மட்டும் எண்ணினால் அதுதான் அதிகம் சாப்பிட்ட தட்டு என்று எழுதிவிடுவோம். உண்மையில் எதுவும் கரையவில்லை, வழி அடைத்துக்கொண்டு நிற்கிறது. பைக்குள் போய்க் கரையும் பி62 என்ற புரதம் குறைந்திருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் நானே இதில் ஏமாந்து இரண்டு மாத வேலையைத் தூக்கிப் போட்டேன்.

துணைப்பாட ஆசிரியர் மணி (இரவு 10:59)
பழ ஈயின் புழுவில் உமிழ்நீர்ச் சுரப்பி கூட்டுப்புழுக் காலத்தில் அழிகிறது. அங்கே இந்தத் தன்விழுங்கலை நிறுத்தினால் சுரப்பி சரியாக அழியாமல் நிற்கிறது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தமிழ்க்காதலன் செங்காங் (இரவு 11:03)
தன்விழுங்கல் இல்லை, தன்னுண்ணல். விழுங்குவது வேறு, உண்பது வேறு.

துணைப்பாட ஆசிரியர் மணி (இரவு 11:06)
போன வருடம் கறிவேப்பிலைத் திரியிலும் நீங்கள் இதையேதான் செய்தீர்கள். பொருளைப் பேசுங்கள்.

தமிழ்க்காதலன் செங்காங் (இரவு 11:08)
சொல் சரியாக இருந்தால்தான் பொருள் சரியாக வரும். கறிவேப்பிலை விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி.

புவனா, செல் வளர்ப்பு (இரவு 11:20)
மணி சார், அந்தச் சுரப்பி பசியால் அழியவில்லை, ஹார்மோன் உத்தரவால் அழிகிறது. திரி பசியைப் பற்றியது.

பசித்த செல் எங்கே திரும்புகிறது என்று கேட்டால் பிசிஎல்-2 என்ற புரதத்தைப் பார்க்க வேண்டும். அது ஒரு கையில் பெக்லினையும் இன்னொரு கையில் சாவுப் புரதமான பாக்ஸையும் பிடித்து வைத்திருக்கிறது. பெக்லின் விடுபட்டால் தன்னைத் தின்பது தொடங்கும், பாக்ஸ் விடுபட்டால் மைட்டோகாண்ட்ரியா ஓட்டையாகும். பசி வந்ததும் ஜேஎன்கே1 என்ற நொதி பிசிஎல்-2வில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. முதல் சில மணி நேரத்தில் நழுவுவது பெக்லின், அதனால் செல் தன்னைத் தின்று தாக்குப்பிடிக்கிறது. பசி நீண்டு, பாஸ்பேட் நிறைய ஏறினால் பாக்ஸும் நழுவுகிறது. அப்புறம் சாவை நடத்தும் நொதியான கேஸ்பேஸ் கிளம்பி பெக்லினையே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் சாவுக்கே துணை செய்கிறது. அந்தக் கட்டத்தில் சாப்பாட்டு வழியும் மூடிவிட்டது. "சாகவே சாகாது" என்று குமரன் எழுதியது அதனால்தான் ஆகாது.

தேக்கா மீனாட்சி (இரவு 11:31)
என் அம்மாவுக்கு 71 வயது, இன்சுலின் போடுகிறார். தைப்பூச விரதத்தில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. அப்போது அவருக்குச் செல் எல்லாம் செத்துக்கொண்டிருந்ததா? பயமாக இருக்கிறது.

புவனா, செல் வளர்ப்பு (இரவு 11:37)
இல்லைம்மா. அது ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. உடனே இனிப்பு கொடுக்க வேண்டிய விஷயம். இன்சுலின் போட்டுக்கொண்டு விரதம் இருப்பதற்கு முன்னால் பலதுறை மருந்தகத்தில் கட்டாயம் கேளுங்கள். தட்டில் கிடக்கும் செல்லுக்கு நான் ஒரே நொடியில் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறேன். உடம்பு அப்படி விடாது. கல்லீரல் சர்க்கரை கொடுக்கும், தசை அமினோ அமிலம் கொடுக்கும். அதனால்தான் தட்டின் மணிக்கணக்கை மனிதனுக்குப் போட முடியாது.

ஈசூன் குமரன் (இரவு 11:45)
பாருங்கள், தட்டு வேறு உடம்பு வேறு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் என் உடம்பில் "மட்டும்" இல்லை என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?

புவனா, செல் வளர்ப்பு (இரவு 11:52)
எலியை வைத்து. மிசுஷிமா குழு 2004இல் எல்சி3 ஒளிரும் எலிகளை ஒரு நாள் பட்டினி போட்டது. கல்லீரலிலும் தசையிலும் பைகளைக் காட்டும் புள்ளிகள் பெருகின, மூளையில் அப்படித் தெரியவில்லை. ஒரே பசி, உறுப்புக்கு உறுப்பு வேறு. பட்டினியில் எலியின் கல்லீரல் எடை குறைகிறது தம்பி. கெட்டது மட்டும்தான் போனதென்றால் அவ்வளவு எடையும் குப்பையா?

ஈசூன் குமரன் (நள்ளிரவு 12:04)
எலிக்கு ஒரு நாள் என்பது நமக்கு ஒரு நாள் இல்லை. நான் "மட்டும்" என்பதை எடுக்கப் போவதில்லை.

துணைப்பாட ஆசிரியர் மணி (நள்ளிரவு 12:09)
உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இன்னும் பதில் வரவில்லை. உத்தரவு யாருடையதாக இருந்தாலும், கொன்றது எது?

புவனா, செல் வளர்ப்பு (நள்ளிரவு 12:13)
திரியின் தலைப்பை ஒருமுறை படியுங்கள் சார். குமரன், எடுக்க வேண்டாம். நாளை மூன்று தட்டின் படத்தையும் பி62 பட்டையையும் இங்கேயே போடுகிறேன். "மட்டும்" எங்கே இருக்கிறது என்று நீங்களே சுட்டிக் காட்டுங்கள்.

தமிழ்க்காதலன் செங்காங் (நள்ளிரவு 12:15)
படத்தின் கீழே தன்னுண்ணல் என்று எழுதுங்கள்.